பிரஸ் ஷாப்பில் முதல் ஷிஃப்ட்: பட்டனைத் தொடும் முன் தெரிந்திருக்க வேண்டியவை

"ஐயா, நான் ஐடிஐ ஃபிட்டர் முடித்தவன். வயது 20. விழுப்புரம் மாவட்டம். ஒரகடம் பக்கம் கார் உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் கான்ட்ராக்டர் மூலமாக வேலை கிடைத்திருக்கிறது. வரும் திங்கள் ஏ ஷிஃப்ட், காலை ஆறு மணி. 80 டன் பவர் பிரஸ்ஸில் ஹெல்பராகப் போடுவார்களாம். ஐடிஐயில் பிரஸ்ஸை நான் பார்த்ததுகூட இல்லை. ரூமில் இருக்கும் அண்ணன், 'முதல் நாள் கேள்வி கேட்டால் தெரியாதவன் என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள், பக்கத்தில் இருப்பவனைப் பார்த்துச் செய். ரெண்டு பட்டனில் ஒன்றைக் கட்டிவிட்டு ஓட்டினால்தான் டார்கெட் வரும். லைட் கர்ட்டன் இருக்கு, பயமில்லை' என்கிறார். கான்ட்ராக்டர் ஆபீஸில், பாதுகாப்புப் பயிற்சி முடித்ததாக ரெஜிஸ்டரில் இப்போதே கையெழுத்துக் கேட்டார்கள். திங்கட்கிழமை போடுகிறேன் என்று சொல்லி வந்துவிட்டேன். முதல் நாள் நான் எப்படி நடந்துகொள்வது? கையெழுத்துப் போடலாமா?"

தம்பி, கையெழுத்தைத் தள்ளிப்போட்டது சரியான முடிவு. அதற்குக் கடைசியில் வருகிறேன். தொழிற்சாலைப் பாதுகாப்பு அலுவலராகப் பிரஸ் ஷாப்புகளில் வேலை பார்த்தவன் என்ற முறையில் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்களிடம் வரும் பிரஸ் எப்படி ஓடும் என்பதைவிட, எப்படி நிற்கும் என்பது உங்களுக்குத் தெரிந்தாக வேண்டும். பட்டன், கர்ட்டன், டார்கெட் எல்லாம் அதற்குப் பிறகுதான். உங்கள் ரூம் அண்ணன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் அவர் சொன்னதில் மூன்று இடத்தில் தவறு இருக்கிறது, மூன்றும் விரலோடு சம்பந்தப்பட்டவை.

இந்த பிரஸ் எப்படி நிற்கும்?

மெக்கானிக்கல் பிரஸ்ஸில், மேலும் கீழும் போய்வந்து தகட்டை அடிக்கும் கனமான பகுதியான ராமை மோட்டார் நேரடியாக இறக்குவதில்லை. மோட்டார் ஒரு கனமான ஃப்ளைவீலைச் சுழற்றிக்கொண்டே இருக்கும். நீங்கள் பட்டனை அழுத்தும்போது கிளட்ச் பிடித்து, ஃப்ளைவீலின் சுழற்சியை கிராங்க் ஷாஃப்டுக்குக் கொடுக்கும். ராம் கீழே இறங்கி, தகட்டை வெட்டிவிட்டு மேலே போய் நிற்கும். இந்தக் கிளட்சில் இரண்டு வகை உண்டு. உங்கள் பாதுகாப்பு பெரும்பாலும் இது எந்த வகை என்பதில்தான் இருக்கிறது.

பழைய மெஷின்களில் பின் கிளட்ச் அல்லது கீ கிளட்ச் இருக்கும். ஒருமுறை பிடித்துவிட்டால் முழுச் சுற்றும் முடியும்வரை அதை நிறுத்த முடியாது. எமர்ஜென்சி பட்டனை அடித்தாலும் ராம் இறங்கித்தான் ஏறும். அப்படிப்பட்ட மெஷினில், ஒளிக்கற்றைக்குள் கை போனால் மெஷினை நிறுத்தச் சொல்லும் லைட் கர்ட்டன் மாட்டியிருந்தாலும் அது கையைக் காப்பாற்றாது. கை உள்ளே போனதைக் கர்ட்டன் கண்டுபிடிக்கும், ஆனால் நிறுத்துவதற்கு அங்கே எதுவும் இல்லை. தகட்டுக்கு வடிவம் கொடுக்கும் அச்சான டையைச் சுற்றி விரல் நுழையாத நிலையான கார்டு இருப்பதுதான் அங்கே உண்மையான காவல்.

இரண்டாவது வகை, காற்றழுத்தத்தில் இயங்கும் ஃப்ரிக்‌ஷன் கிளட்ச். இதை நடுவழியில் நிறுத்தலாம். லைட் கர்ட்டனுக்கு அர்த்தம் இருப்பது இங்கேதான், அதிலும் ஒரு நிபந்தனையோடு. ராம் உடனே நின்றுவிடாது, கொஞ்ச நேரம் எடுக்கும். கை வினாடிக்குச் சுமார் 1.6 மீட்டர் வேகத்தில் நீளும் என்று கணக்கு வைப்பார்கள். மெஷின் நிற்க 0.2 வினாடி ஆகிறது என்றால், அதற்குள் கை 32 சென்டிமீட்டர் போயிருக்கும். ஆகவே கர்ட்டன் டையிலிருந்து அந்தத் தூரத்துக்கும் அப்பால் இருக்க வேண்டும். வசதிக்காக டைக்கு அருகே நகர்த்தி வைத்திருந்தால், விளக்கு எரியும், கர்ட்டன் வேலையும் செய்யும், ஆனால் கை அடிபடும். பிரேக் லைனிங் தேய்ந்தால் நிற்கும் நேரம் கூடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

"கை உள்ளே இருந்தால் டக்கென்று இழுத்துக்கொள்வேன்" என்று சிலர் சொல்வார்கள். நிமிடத்துக்கு 50 ஸ்ட்ரோக் அடிக்கும் மெஷினில் ஒரு முழு ஸ்ட்ரோக்குக்கு 1.2 வினாடி. அதில் கீழே இறங்குவதற்கு மட்டும் ஏறக்குறைய 0.6 வினாடி. பார்த்து, புரிந்து, கையை இழுக்க அது போதாது.

இன்னொன்று: மோட்டாரை ஆஃப் செய்ததும் மெஷின் செத்துவிட்டது என்று நினைக்காதீர்கள். ஃப்ளைவீல் அதன் பிறகும் வெகுநேரம் சுற்றிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் பின் கிளட்ச் மெஷினின் பெடலை யாராவது மிதித்தால் ராம் இறங்கும். ஃப்ளைவீல் கண்ணுக்கு முன்னால் முழுதாக நிற்கும்வரை டைக்குள் கை போகக் கூடாது. நின்ற பிறகும் ராமுக்கும் அதன் கீழே இருக்கும் பெட்டுக்கும் நடுவே பாதுகாப்புக் கட்டை வைத்தபின்தான் கை போக வேண்டும், இல்லையென்றால் ராம் தன் எடையிலேயே இறங்கக்கூடும்.

நீங்கள் ஹெல்பர் என்பதால் இதையும் சொல்ல வேண்டும். இரண்டு கை பட்டன், அதை அழுத்துபவரின் இரண்டு கைகளை மட்டுமே காக்கும். பக்கவாட்டிலோ பின்னாலோ நின்று பீஸ் எடுக்கும் உங்களை அது காக்காது. ஆபரேட்டர் இரு கைகளாலும் ஒழுங்காக அழுத்தும் அதே நொடியில் உங்கள் கை டைக்குள் இருக்கலாம். ஒரே பிரஸ்ஸில் இரண்டு பேர் வேலை செய்தால் இரண்டு பேருக்கும் தனித்தனி ஜோடிப் பட்டன் இருக்க வேண்டும், நான்கும் சேர்ந்து அழுத்தினால்தான் ராம் இறங்க வேண்டும். அது இல்லாத இடத்தில் நீங்கள் டைக்குள் கை நீட்டும் வேலையை ஏற்கக் கூடாது. வெளியே விழும் பீஸை அடுக்குவது, தகடு எடுத்துக் கொடுப்பது வரைக்கும்தான் உங்கள் வேலை.

5.40க்கு உள்ளே இருங்கள்

ஆறு மணி ஷிஃப்டுக்கு ஆறு மணிக்குப் போய் நின்றால், இரவு ஷிஃப்ட் ஆபரேட்டர் கை கழுவப் போயிருப்பார். அவரிடம் பேசக் கிடைக்கும் அந்த ஐந்து நிமிடத்துக்காகத்தான் சீக்கிரம் போகச் சொல்கிறேன். ராத்திரி மெஷின் ஏதாவது தொல்லை கொடுத்ததா, ஸ்ட்ரோக் தானாக ரிபீட் ஆனதா, பீஸ் டையில் ஒட்டியதா, எந்தப் பெட்டியில் நல்ல பீஸ், எதில் ரிஜெக்ட் என்று கேளுங்கள். ரிபீட் ஆனது என்று அவர் சொன்னால், அது லேசாகக் கடந்துபோகும் தகவல் இல்லை. யாரும் அழுத்தாமல் ராம் மறுபடி இறங்கியது என்று அர்த்தம். கிளட்ச் கீயோ ஸ்பிரிங்கோ பிரேக்கோ போயிருக்கலாம். மெயின்டனன்ஸ் பார்த்து முடிக்கும்வரை அந்த மெஷினில் யாரும் வேலையைத் தொடங்கக் கூடாது.

உடுப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மோதிரம், காப்பு, கைக் கயிறு ரூமிலேயே இருக்கட்டும். ஐடி கார்டைக் கழுத்தில் தொங்கவிடாமல் சட்டைப் பையில் வையுங்கள். முழுக்கை சட்டையின் மணிக்கட்டுப் பட்டன் போட்டிருக்க வேண்டும். வெட்டிய தகட்டின் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் பிசிறான பர், பிளேடு மாதிரி இருக்கும், அதற்கு வெட்டுத் தாங்கும் கையுறை கேளுங்கள், துணிக் கையுறை போதாது. ஆனால் அதே கையுறையோடு பக்கத்து டிரில்லிங் மெஷினுக்குப் போகாதீர்கள், சுழலும் மெஷினில் கையுறையே கையை இழுத்துவிடும். காதுக்குப் பிளக் அவசியம். எட்டு மணி நேரத்துக்கு 90 டெசிபல் என்பதுதான் நம் விதிகளில் உள்ள வரம்பு. பல பிரஸ் ஷாப்புகளில் சத்தம் அதைத் தாண்டும்.

ஸ்டார்ட் செய்வதற்கு முன் நடக்க வேண்டிய சோதனை

இதை நீங்கள் செய்ய வேண்டாம். டையை மாட்டிச் சரிசெய்யும் செட்டரோ ஆபரேட்டரோ செய்வார், நீங்கள் நின்று பார்க்க வேண்டும். செய்யவில்லை என்றால், "அண்ணா, பட்டன் செக் பண்ணிட்டு ஆரம்பிக்கலாமா, எனக்கும் காட்டுங்க" என்று கேளுங்கள். கற்றுக்கொள்ள ஆசைப்படும் பையன் கேட்கும் கேள்வியாகத்தான் அது போய்ச் சேரும்.

டை காலியாக, யார் கையும் அருகில் இல்லாமல், ஒரு பட்டனை மட்டும் அழுத்திப் பார்ப்பார். ராம் அசையக் கூடாது. அடுத்த பட்டனை மட்டும், அப்போதும் அசையக் கூடாது. பிறகு ஒன்றை அழுத்திப் பிடித்துக்கொண்டு, இரண்டு வினாடி கழித்து மற்றதை அழுத்துவார். அப்போதும் இறங்கக் கூடாது, ஏனென்றால் இரண்டும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் அழுந்தினால்தான் வேலை செய்ய வேண்டும். இந்த மூன்றாவது சோதனையில்தான் கட்டிவைத்த பட்டன் அகப்படும். கடைசியாக, இரண்டையும் அழுத்தி, விடாமல் பிடித்துக்கொண்டே இருப்பார். ராம் ஒரே ஸ்ட்ரோக் அடித்து மேலே நிற்க வேண்டும். இரண்டாவது தடவை இறங்கினாலோ, உச்சியில் நிற்காமல் கொஞ்சம் தாண்டி இறங்கி நின்றாலோ, அந்த மெஷின் அன்றைக்கு ஓடக் கூடாது.

ஃப்ரிக்‌ஷன் கிளட்ச் என்றால் இன்னும் இரண்டு சேரும். ராம் இறங்கும்போது ஒரு பட்டனிலிருந்து கையை எடுத்தால் நிற்க வேண்டும். லைட் கர்ட்டனுக்குள் சோதனைக் குச்சியை நீட்டினால் நிற்க வேண்டும். குச்சியைத்தான் நீட்ட வேண்டும், கையை நீட்டிக் காட்டுகிற ஆளிடமிருந்து தள்ளி நில்லுங்கள். மெஷின் ஓடும் விதத்தை இன்ச், சிங்கிள், கன்டினியூயஸ் என்று மாற்றும் சாவி மெஷினில் தொங்காமல் செட்டரிடம் இருக்க வேண்டும்.

முதல் வேலையை வாங்கும்போது

சூப்பர்வைசர் வந்து, "தம்பி, அந்த பிராக்கெட்டை ஓட்டு" என்பார். அது வேலை கொடுத்த மாதிரி ஆகாது. ஜாப் கார்டு கையில் வர வேண்டும். உதாரணத்துக்கு இப்படி இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள்: 2 மி.மீ. தகடு பிராக்கெட், இரண்டாவது ஆபரேஷன், இரண்டு துளை போட வேண்டும், 1200 பீஸ். இதில் நீங்கள் நேரில் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியவை மூன்று: கார்டில் உள்ள பார்ட் நம்பரும் பீஸ் பெட்டியில் தொங்கும் டேக்கும் ஒன்றா, கார்டில் உள்ள டை நம்பரும் மெஷினில் மாட்டியிருக்கும் டையில் பொறித்த நம்பரும் ஒன்றா, தகட்டின் தடிமன் 2 மி.மீ.தானா. தடிமனுக்கு மைக்ரோமீட்டர் வேண்டும், ஐடிஐயில் அதை நிச்சயம் பிடித்திருப்பீர்கள். 2 மி.மீ.க்குப் போட்ட டையில் 2.5 போனால் துளை போடும் பஞ்ச் உடையக்கூடும், துண்டு பறக்கக்கூடும்.

பிறகு சூப்பர்வைசரிடம் நீங்கள் புரிந்துகொண்டதைத் திருப்பிச் சொல்லுங்கள். "சார், முதல் ஆபரேஷன் முடிந்த பீஸை, இந்த மடிப்பு என் பக்கம் இருக்கிற மாதிரி, லொகேட்டரில் உட்கார வைத்து, இரண்டு துளை. பீஸை டாங்கால் வைத்து டாங்கால் எடுக்கணும். சரியா சார்?" இதற்கு அரை நிமிடம் ஆகும். பீஸைத் திருப்பி வைத்து 300 போட்ட பிறகு தெரிவதைவிட இது மேல் என்று எந்த சூப்பர்வைசருக்கும் தெரியும். உங்கள் ரூம் அண்ணன் பயப்படுவது போல, கேட்டதற்காக யாரும் திருப்பி அனுப்புவது அபூர்வம். கேட்காமல் ஒரு பெட்டி முழுக்க ரிஜெக்ட் ஆக்கியவனைத்தான் அனுப்புவார்கள்.

முதல் பீஸைச் செட்டர் அடிப்பார். அது குவாலிட்டி ஆளிடம் போகும். துளையின் அளவு, இரண்டு துளைக்கும் நடுவில் உள்ள தூரம், பர் எவ்வளவு, விரிசல் உண்டா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவார்கள். அந்தக் கையெழுத்து வரும்வரை இரண்டாவது பீஸ் அடிக்கக் கூடாது. ஒப்புதல் வந்த பீஸை மெஷின் பக்கத்தில் தொங்கவிடுவார்கள். ஓடும்போது அவ்வப்போது ஒரு பீஸை எடுத்து அதோடு வைத்துப் பாருங்கள். பர் கூடிக்கொண்டே போனால் பஞ்ச் முனை மழுங்குகிறது. துளை ஒன்றில் விளிம்பு கோணலாக வந்தால் பீஸை இடத்தில் நிறுத்தும் லொகேட்டரில் அது சரியாக உட்காரவில்லை, அல்லது லொகேட்டர் தளர்ந்திருக்கிறது.

விரல் போகும் நேரம் எது தெரியுமா? பீஸ் டைக்குள் மாட்டிக்கொள்ளும் அந்த நிமிடம். எல்லாம் ஒழுங்காக ஓடும்போது கை வெளியிலேயே இருக்கும். பீஸ் ஒட்டிக்கொண்டால், அல்லது துளையிலிருந்து விழ வேண்டிய வட்டத்துண்டு மேலே ஏறி ஒட்டிக்கொண்டால், "ஒரு தட்டு தட்டினால் வந்துவிடும்" என்று கை தானாக உள்ளே போகும். அதனால் இப்போதே மனதில் பதித்துக்கொள்ளுங்கள்: மாட்டினால் கையைப் பின்னால் இழு, ஆபரேட்டரைக் கூப்பிடு, மெஷினை நிறுத்து, ஃப்ளைவீல் நிற்கட்டும், கட்டை வை, செட்டர் எடுக்கட்டும். பத்து நிமிடம் போகும், போகட்டும். அதை ஜாப் கார்டில் எழுதிவிட்டால் உங்கள் டார்கெட் கணக்கில் அது வராது.

பட்டனைக் கட்டச் சொன்னால்

இதுதான் உங்களுக்குச் சிக்கலான இடம். முதல் நாளே சீனியர் ஆபரேட்டரோடு மோதுவது யாருக்கும் எளிதில்லை. உங்கள் முன்னால் மூன்று வழி இருக்கிறது. அவர் சொன்னபடி ஓட்டுவது முதல் வழி. அதில் கூடுதலாக அடிக்கும் பீஸின் லாபம் கம்பெனிக்கு, கை உங்களுடையது. நேரே பெரிய அதிகாரியிடம் புகார் சொல்வது இரண்டாவது. உரிமை உண்டு, ஆனால் ஏழரை மணிக்கே அதைச் செய்தால் அந்த லைனில் உங்களுக்குக் கற்றுத்தர ஆள் இருக்காது. நான் சொல்வது மூன்றாவது வழி. கட்டிய பட்டனைக் கண்டால் உட்காராதீர்கள். "அண்ணா, எனக்குப் பழக்கம் இல்லை, ரெண்டு கையாலதான் ஓட்ட வரும், அவிழ்த்துக் கொடுங்க" என்று உங்களைப் பற்றி மட்டும் பேசுங்கள். அவர் மறுத்தால் ஷிஃப்ட் சூப்பர்வைசரிடம் போய், "சார், பட்டன் சரியில்லை, செட்டர் வந்து பார்த்த பிறகு ஓட்டுகிறேன்" என்று சொல்லி, மெஷினை விட்டுத் தள்ளி நின்று வேறு வேலை கேளுங்கள். பெயர் சொல்ல வேண்டியதில்லை. அதற்கும் அசையவில்லை என்றால்தான் பாதுகாப்பு அலுவலர், பாதுகாப்புக் குழு. வெளியே என்றால் தமிழ்நாடு அரசின் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம்.

சட்டம் உங்கள் பக்கம்தான். தொழிலாளிக்குத் தகவலும் பயிற்சியும் மேற்பார்வையும் தருவது நிர்வாகத்தின் கடமை என்று 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 7ஏ பிரிவு சொன்னது. கேட்டுப் பெறுவது தொழிலாளியின் உரிமை என்று 111ஏ சொன்னது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரம், பணிச்சூழல் தொகுப்புச் சட்டமும் அந்தக் கடமையைத் தொடர்கிறது. பணி நியமனக் கடிதம் எழுத்தில் தர வேண்டும் என்றும் அது சொல்கிறது. கான்ட்ராக்டர் ஆள் என்பதால் கம்பெனி இந்தப் பொறுப்பிலிருந்து நழுவ முடியாது. மெஷின் அவர்களுடையது.

கையெழுத்தும் இஎஸ்ஐயும்

பயிற்சி நடந்த பிறகு, நடந்த தேதியைப் போட்டுக் கையெழுத்திடுங்கள். "சார், இண்டக்‌ஷன் முடிந்ததும் உடனே போட்டுவிடுகிறேன்" என்றால் பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள். போட்டால்தான் கேட் பாஸ் என்று கட்டாயப்படுத்தினால், உங்கள் கையெழுத்துக்கு அருகில் அன்றைய தேதியையும் "பிரஸ் பயிற்சி இன்னும் பெறவில்லை" என்ற வரியையும் எழுதுங்கள். முடிந்தால் அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து வையுங்கள். வேலை போய்விடுமோ என்ற பயத்தில் வெறும் கையெழுத்துப் போட்டுவிட்டாலும் எல்லாம் முடிந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். அந்தக் கையெழுத்தைக் காட்டி உங்கள் இஎஸ்ஐ உரிமையைப் பறிக்க முடியாது. ஆனால் விபத்துக்கு யார் பொறுப்பு என்ற விசாரணையில் அது உங்களுக்கு எதிராக எடுத்துக்காட்டப்படும். அதற்காகத்தான் இவ்வளவு சொல்கிறேன்.

மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் என்றால் நீங்கள் இஎஸ்ஐக்குள் வருவீர்கள். உங்கள் பங்கு 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25 சதவீதம். வேலைக் காயத்துக்கு மட்டும் இத்தனை நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. முதல் நாளே அடிபட்டாலும் வேலைக்குப் போக முடியாத காலத்துக்குச் சம்பளத்தில் 90 சதவீதம் கிடைக்கும். உங்கள் பெயர் பதிவாகியிருந்தால் அதைப் பெறுவது எளிது. ஆகவே திங்கட்கிழமை காலை கான்ட்ராக்டரிடம் கேட்க வேண்டியவை இரண்டு: நியமனக் கடிதத்தின் நகல், இஎஸ்ஐ காப்பீட்டு எண். எண் "அப்புறம் வரும்" என்றால் எந்தத் தேதிக்குள் என்று கேட்டு, அதை வாட்ஸ்அப் செய்தியாக அவருக்கே அனுப்பி வையுங்கள். சின்னக் காயம் பட்டாலும், தையல் போடும் அளவுக்கு இல்லாவிட்டாலும், ஷிஃப்ட் முடிவதற்குள் விபத்துப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். வெளி கிளினிக்கில் கட்டுப் போட்டுக்கொண்டு ரூமுக்குப் போய்விட்டால், நான்கு நாள் கழித்துச் சீழ் பிடிக்கும்போது அது வேலையில் பட்ட காயம் என்று நிரூபிப்பது உங்களுக்குப் பெரும் பாடாகிவிடும்.